மா எது, ஏக்கர் எது: சக ஊழியரின் வேலையிலுள்ள குறையை மெயிலாக எழுதுவது எப்படி

திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடையில் இயங்கும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஜூலை கடைசியில் சம்பா விதைக்கு ஆர்டர் போடுவோம். அதற்கு முன் நான்கு ஊர்களில் உறுப்பினர்களைப் பார்த்து யாருக்கு எவ்வளவு நிலம், என்ன ரகம், நடவா தெளிப்பா என்று கேட்டு ஒரு எக்செல் ஷீட் தயார் செய்ய வேண்டும். இந்தமுறை அந்த வேலையைச் செய்தவர் எங்களிடம் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு தம்பி. ஊர் தருமபுரிப் பக்கம். எங்கள் பக்கம் நிலத்தை ஏக்கரில் மட்டுமல்ல, மா என்ற பழைய அளவிலும் சொல்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஷீட் வந்தது. வெள்ளிக்கிழமை ஆர்டர். திறந்து பார்த்த பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் இப்படித் தட்டிவிட்டேன்:

"தம்பி, சம்பா கணக்கு பாத்தேன். தலையும் இல்ல, வாலும் இல்ல. மா எது ஏக்கர் எதுன்னுகூடத் தெரியாம எப்படி சர்வேக்குப் போனீங்க? பாதி ஃபாரம் காலி. எப்பவுமே உங்களுக்கு அவசரம்தான். ஊர்ப் பேர்லயே எழுத்துப் பிழை. ஒரு போனாவது பண்ணிக் கேட்டிருக்கலாம். இனிமேலாவது ஒழுங்கா பண்ணுங்க. சரி பண்ணி மறுபடி அனுப்புங்க."

அனுப்பும் பட்டனை அழுத்தும் நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்து படித்தபோது அனுப்ப மனம் வரவில்லை. இதை ஒரு மெயிலாக மாற்றி எழுதி அனுப்பினேன். எப்படி மாற்றினேன் என்பதை அந்த ஒரே மெயிலை வைத்தே சொல்கிறேன்.

முதலில், கோபத்தை அழிக்காதீர்கள், பிரித்துப் போடுங்கள்

கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவோம். "ஷீட் நன்றாக வந்திருக்கிறது, சில சிறு திருத்தங்கள் மட்டும்" என்று எழுதுவோம். படிப்பவர் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்புவார். தவறான கணக்கில் ஆர்டர் போய்விடும். முதல் செய்தியில் கடுமை இருந்தது, ஆனால் விஷயமும் இருந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும்.

எனவே அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இதை ஷீட்டில் விரல் வைத்துக் காட்ட முடியுமா, அல்லது நானாக ஊகித்ததா, அல்லது வெறும் எரிச்சலா?

"தலையும் இல்ல, வாலும் இல்ல" எரிச்சல். "எப்பவுமே அவசரம்" என்பதும் எரிச்சல்தான். ஆறு மாதத்தில் அவர் செய்த முதல் பெரிய கணக்கெடுப்பு இது, எப்பவுமே என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. "எழுத்துப் பிழை" காட்ட முடியும். "பாதி ஃபாரம் காலி" காட்ட முடியும் என்றுதான் நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் 86 விவசாயிகளில் 31 பேருக்கு 'நடவா தெளிப்பா' என்ற கட்டம் மட்டும் காலி. மற்ற கட்டங்கள் நிரம்பியிருந்தன. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதுவும் ஒரே ஒரு கட்டம். 'பாதி' என்று எழுதியிருந்தால் அவரும் எண்ணிப் பார்த்திருப்பார். ஒரு மிகையைப் பிடித்துவிட்டால் மீதி அத்தனையும் மிகையாகத்தான் தெரியும்.

"மா எது ஏக்கர் எதுன்னுகூடத் தெரியாம" என்பதில் மூன்றும் கலந்து கிடந்தது. எண்கள் ஷீட்டில் இருந்தன. அவை மாக்கணக்கு என்பது என் ஊகம். 'தெரியாம' என்பது அவர் மனதுக்குள் நான் நுழைந்து பார்த்தது.

இரண்டாவது, எழுதுவதற்கு முன் சரிபாருங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது, ஒரு மணி நேரம் இருக்கும். மெயில் எழுத அவ்வளவு ஆகவில்லை.

மூன்றாவது ஊரில் 22 பேருக்கு 151 ஏக்கர் என்று இருந்தது. ஆளுக்கு ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மற்ற மூன்று ஊர்களிலும் சேர்த்து 64 பேருக்கு 217 ஏக்கர். ஆளுக்கு மூன்றரைகூட வரவில்லை. ஒரே வாய்க்காலில் பாயும் அடுத்தடுத்த ஊர்களில் இப்படி இரட்டிப்பாக இருக்க வாய்ப்பில்லை. வரிகளைப் பார்த்தபோது 22 பேரில் 14 பேருக்கு 9, 12, 6, 15 என்று மூன்றால் வகுபடும் எண்களாகவே கிடந்தன. இங்கே வயதானவர்கள் நிலத்தை இன்றும் மாவில்தான் சொல்வார்கள். 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், அதனால் 3 மாவை ஒரு ஏக்கர் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். டீக்கடையில் உட்கார்ந்து பேசும்போது 'மா' என்ற சொல்லே வாயில் வராது. "நமக்கு ஒன்பது இருக்கு தம்பி" என்றால் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அது கேட்பவருக்கும் தெரியும் என்று நினைப்பார்கள். தருமபுரியில் வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் 14 பேரில் மூன்று பேருக்குப் போன் செய்தேன். மூவரும் மா என்றார்கள். மூவருடைய போன் எண்ணும் ஷீட்டில் சரியாக இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

அடுத்து, அவருக்குக் கொடுத்த ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் 'நிலப்பரப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏக்கரா மாவா என்று எழுத இடமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஃபாரத்தைப் போட்டது நான்.

இதை மெயிலில் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்லாவிட்டால் என் மெயில் பாதி பொய். தவறு எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியாவிட்டால், அவர் சரிசெய்ய நினைப்பது தன் கவனக்குறைவைத்தான். சரிசெய்ய வேண்டியது ஃபாரம்.

மூன்றாவது, எடை போட்டுக் குறையுங்கள்

தாளில் இப்போது ஒன்பது குறிப்புகள் இருந்தன. ஒன்பதையும் வரிசையாக மெயிலில் எழுதினால் படிப்பவருக்கு எல்லாம் ஒரே அளவில் தெரியும். அவர் மேலிருந்து தொடங்குவார், அல்லது எளிதானதிலிருந்து தொடங்குவார். என்னிடம் இருந்தது ஒரே அளவுகோல்: வெள்ளிக்கிழமை ஆர்டரை இது மாற்றுமா?

மா-ஏக்கர் குழப்பம் மாற்றும். அந்தப் 14 பேரின் எண்களைக் கூட்டினால் 126. அது மா என்றால் 42 ஏக்கர்தான். 84 ஏக்கர் மிகை. அவர் போட்டிருந்த ஏக்கருக்கு 30 கிலோ என்ற கணக்கின்படி 2,520 கிலோ, அதாவது 84 மூட்டை விதை தேவையில்லாமல் வந்து இறங்கும். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மேல். சான்று விதைக்கு ஒன்பது மாதம்தான் காலக்கெடு. மறுபடி பரிசோதனைக்கு அனுப்பாமல் அடுத்த சம்பாவுக்கு விற்க முடியாது.

காலியாக இருந்த 31 கட்டங்களும் மாற்றும். எங்கள் பக்கம் தெளிப்புக்கு ஏக்கருக்கு ஒரு 30 கிலோ மூட்டை போடுவார்கள். நாற்று விட்டு நடுவதற்கு அவ்வளவு வேண்டாம். நீண்ட கால ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 30 கிலோ. ஏக்கருக்கு 12 கிலோதான் வருகிறது. கட்டம் காலியாக இருந்தவர்கள், நடவு என்று எழுதியவர்கள் எல்லோருக்குமே அவர் 30 போட்டிருந்தார்.

எழுத்துப் பிழைகள் ஆர்டரை மாற்றாது. அவற்றை ஷீட்டிலேயே நானே திருத்திவிட்டேன். அதற்கு மெயிலில் ஒரு வரியும் தேவையில்லை.

இன்னொரு குறிப்பும் இருந்தது: கடைசி ஊரில் பலர் சி.ஆர். 1009 கேட்டிருக்கிறார்கள். அது 155 நாளுக்கு மேல் போகும் ரகம். அங்கே தண்ணீர் வந்து சேரவே நாளாகும், மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பிந்தி விதைத்தால் பூக்கும் நேரத்தில் தண்ணீருக்குத் தவிக்கும். இது பெரிய விஷயம்தான். ஆனால் தம்பியின் தவறு அல்ல, விவசாயி சொன்னதை அவர் எழுதியிருக்கிறார். இதை அவருடைய வேலைக்கான கருத்துக்குள் போட்டால் பழி போலத் தெரியும். எனவே தனியாக, நேரில் பேச ஒதுக்கி வைத்தேன்.

ஒன்பதில் மிஞ்சியது இரண்டு.

நான்காவது, நடுவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

வணக்கத்தில் தொடங்கி வரிசையாக எழுதினால் நயமான வார்த்தை தேடியே களைத்துப்போவோம். நான் முதலில் அந்த இரண்டு விஷயத்தையும்தான் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்தேன்: எந்த வரியில் என்ன இருக்கிறது, அப்படியே விட்டால் என்ன ஆகும், இப்போது என்ன செய்ய வேண்டும்.

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். "14 பேருக்கு யூனிட் தவறு" என்றால் அது வெறும் குற்றச்சாட்டு. "இதனால் 84 மூட்டை கூடுதலாக வரும்" என்று சேர்த்துவிட்டால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரிந்துவிடும். அதன்பின் 'மிக முக்கியம்', 'கவனக்குறைவு' போன்ற சொற்களுக்கு வேலையே இல்லை.

மூன்றாவதில் என் பழைய செய்தி சொன்னது "சரி பண்ணி மறுபடி அனுப்புங்க". எதை? 86 பேரையும் மறுபடி பார்க்க வேண்டுமா? இரண்டு நாளில் எப்படி? இப்படி எழுதினால் ஆள் உட்கார்ந்து கவலைப்படுவாரே தவிர வேலை நகராது. யாரிடம், எத்தனை பேரிடம், எப்போதுக்குள் என்று எழுத வேண்டும். அவர் ஒருவரால் முடியாதது என்றால் எந்த உதவி கிடைக்கும் என்பதையும் எழுத வேண்டும்.

இங்கேயே இன்னொன்று: எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்து எழுதுங்கள். 14 பேரில் நான் கேட்டது மூன்று பேரிடம். "14 பேரும் மா" என்று எழுதலாம், ஏறக்குறைய உறுதியாகத்தான் இருந்தேன். ஆனால் "மூன்று பேரிடம் கேட்டேன், மா என்றார்கள், மற்ற 11 பேரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்" என்றுதான் எழுதினேன்.

ஐந்தாவது, சின்னச் சொற்களைப் பிடியுங்கள்

தமிழில் வசவு பெரும்பாலும் பெரிய வார்த்தையில் இருக்காது. ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொல்லில் இருக்கும். எழுதி முடித்தபின் இவற்றை மட்டும் தேடி ஒருமுறை படிப்பது என் வழக்கம்.

முதல் ஆள் 'கூட'. "யூனிட் எழுதவில்லை" என்பது செய்தி. "யூனிட்கூட எழுதவில்லை" என்றால், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை என்று பொருள். ஓர் இடைச்சொல்தான், அந்த மெயிலில் அவர் மனதில் தங்குவது அது மட்டும்தான். அடுத்தது 'ஆவது'. "ஒரு போனாவது", "இனிமேலாவது" என்றால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்றாகிறது. 'தானே'யும் அப்படித்தான். "அன்றைக்கே சொன்னேன் தானே" என்பதில் கேள்வியே இல்லை, தீர்ப்புதான் இருக்கிறது.

பிறகு 'இருக்கலாம்'. "கேட்டிருக்கலாம்", "பார்த்திருக்கலாம்" என்பவை மென்மையாகத் தோன்றும். ஆனால் போன வாரத்தை அவரால் மாற்ற முடியாது. நேற்றைப் பற்றிய ஒவ்வொரு 'கேட்டிருக்கலாம்'-ஐயும் நாளையைப் பற்றிய 'கேளுங்கள்' ஆக்கிவிடுங்கள். அப்படி ஆக்க முடியாவிட்டால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியும் எழுத்தில் அதட்டலாகிவிடும். "ஏன் 31 கட்டம் காலி?" என்று நேரில் சிரித்துக்கொண்டு கேட்கலாம். மெயிலில் சிரிப்பு போகாது. எனக்கு உண்மையிலேயே காரணம் தெரிய வேண்டியிருந்தது, எனவே சாத்தியங்களையே எழுதினேன்: அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லையா, கேட்க நேரம் கிடைக்கவில்லையா? இப்படிக் கேட்டால் பதில் சொல்வது எளிது.

இதுவரை சொன்னவை கடுமையைக் கூட்டுபவை. உண்மையைக் குறைப்பவையும் உண்டு. 'கொஞ்சம்' அதில் முதன்மை. "கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்பது நம் பேச்சின் மரியாதை, இருக்கட்டும். "பரப்பில் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது" என்பது பொய். 84 ஏக்கர் கொஞ்சமா? கேட்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம், அளக்கும் இடத்தில் கூடாது. இன்னொன்று 'பட்டது'. "பிழை ஏற்பட்டுள்ளது, சரிபார்க்கப்பட வேண்டும்" என்று அலுவலகக் கடிதத் தமிழில் எழுதினால் யாருக்கும் வலிக்காது. யாரும் சரிபார்க்கவும் மாட்டார்கள்.

நீ, நீங்கள் விஷயம். நேரில் அவரை "வா தம்பி, சாப்பிட்டியா" என்றுதான் கேட்பேன், அவரும் "அக்கா" என்பார். மெயிலில் 'தம்பி' இருக்கலாம், 'நீ' கூடாது. நாளைக்கு அந்த மெயில் இன்னொருவர் கண்ணில் படும், அவர்களுக்கு எங்கள் உறவு தெரியாது. அதே சமயம் நேரில் தம்பி என்றுவிட்டு மெயிலில் திடீரென்று "மதிப்பிற்குரிய" என்று தொடங்கினால் ஏதோ மெமோ வந்ததாகப் பதறிவிடுவார்.

இவற்றோடு, வாக்கியத்தின் எழுவாய் யார் என்றும் பாருங்கள். "நீங்கள் குழப்பிவிட்டீர்கள்" என்பதில் எழுவாய் அவர். "இந்த 14 வரிகள் மாவாக இருக்கலாம்" என்பதில் எழுவாய் வரிகள். இது வெறும் நாசூக்கு இல்லை. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல், வேலை பற்றிக் கருத்துச் சொல்வதைக் குறித்த பழைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்னபின் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் போகப் போக பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆறாவது, பாராட்டு

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் ஒரு பாராட்டு என்று சொல்லித்தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. "நல்ல முயற்சி" என்று தொடங்கினாலே 'ஆனால்' எப்போது வரும் என்று ஆள் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்.

ஆனால் உண்மையிலேயே நன்றாக இருந்ததைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையாகாது. நான் சரிபார்க்க முடிந்ததே அவர் ஒவ்வொரு விவசாயிக்கும் சரியான போன் எண்ணும், எந்த வாய்க்காலில் பாய்கிறது என்பதும் எழுதியிருந்ததால்தான். முந்தைய வருடங்களில் அந்த இரண்டும் இருந்ததில்லை. அதை அப்படியே எழுதினேன். பாராட்டும் குறையைப் போலவே விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருந்தால், அது தடவிக்கொடுப்பதாகத் தெரியாது. அடுத்தமுறையும் எதை விடாமல் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஏழாவது, தலைப்பு, நகல், நேரம்

தலைப்பில் 'தவறுகள்' என்று போடாதீர்கள், வெறுமனே 'சர்வே' என்றும் போடாதீர்கள். என்ன வேலை, எப்போதுக்குள் என்று இருந்தால் போதும். நகல் யாருக்கும் போகவில்லை. எங்கள் முதன்மை நிர்வாகிக்கு நகல் போட்டால் அது கருத்து இல்லை, புகார். அவருக்குத் தெரிய வேண்டியது வெள்ளிக்கிழமை சரியான எண் மட்டுமே.

இரவு ஒன்பது மணிக்கு எழுதி முடித்தேன். காலை எட்டரைக்கு இன்னொருமுறை படித்துவிட்டு அனுப்பினேன். மெயிலில் தங்கள் தொனி எதிராளிக்குப் புரியும் என்று எழுதுபவர்கள் நினைக்கும் அளவுக்கு அது புரிவதில்லை என்று ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் மற்றவர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எழுதும்போது நம் குரல் நம் காதிலேயே கேட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒரு இரவு கழிந்தால் அந்தக் குரல் ஓய்ந்துவிடுகிறது. அவசரம் என்றால், உங்களுக்குப் பிடிக்காத ஒருவர் இதை உங்களுக்கு அனுப்பியதாக நினைத்து உரக்கப் படியுங்கள். காலையில் நான் எடுத்தது ஒரே வாக்கியம். "இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்" என்று மா பற்றி எழுதியிருந்தேன். அவருக்குத் தெரியாததுதானே பிரச்சினையே.

அனுப்பிய மெயில்

தலைப்பு: சம்பா விதைக் கணக்கு – வெள்ளிக்கிழமை ஆர்டருக்கு முன் இரண்டு திருத்தம்

தம்பி, வணக்கம்.

ஷீட் பார்த்தேன். ஆர்டர் போடும் முன் இரண்டு இடம் மாற வேண்டும். இப்படியே போனால் விதை கணிசமாகக் கூடுதலாக வந்துவிடும்.

ஒன்று, மூன்றாவது ஊரின் பரப்பு. அங்கே 14 பேரின் எண்கள் (மஞ்சள் நிறம் அடித்திருக்கிறேன்) ஏக்கர் அல்ல, மா என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் பெரியவர்கள் மாவில்தான் சொல்வார்கள், பல நேரம் 'மா' என்ற சொல்லையே விட்டுவிடுவார்கள். 3 மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். மூன்று பேருக்குப் போன் செய்து கேட்டேன், மா என்றார்கள். மற்ற 11 பேரிடம் நான் கேட்கவில்லை. எல்லாமே மா என்றால் மொத்தப் பரப்பு 368 ஏக்கர் அல்ல, 284. உங்கள் கணக்குப்படியே 84 மூட்டை மிஞ்சும். நம் ஃபாரத்தில் யூனிட் எழுத இடம் இல்லை. அந்த ஃபாரம் நான் போட்டது. குழப்பம் அங்கே தொடங்கியிருக்கிறது. அதை இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். நீங்கள் அந்த 11 பேரையும் கூப்பிட்டு "ஏக்கரில் எவ்வளவு?" என்று கேட்டு எழுதிவிடுங்கள்.

இரண்டு, நடவா தெளிப்பா என்ற கட்டம். 31 பேருக்குக் காலியாக இருக்கிறது. அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லையா, கேட்க நேரம் கிடைக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எல்லோருக்கும் ஏக்கருக்கு 30 கிலோ என்று கணக்காகியிருக்கிறது. தெளிப்புக்கு அது சரி, நடவுக்கு அதிகம். 31 பேரையும் கேட்டு நிரப்ப வேண்டும். கணக்கு பார்க்கும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், நாளை மதியம் 15 பேரை அவர் கூப்பிடுவார். முடிவு செய்யாதவர்களுக்கு 'முடிவில்லை' என்றே எழுதுங்கள், அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று நாம் சேர்ந்து பார்க்கலாம்.

நான் கூப்பிட்ட மூன்று எண்ணும் முதல் தடவையே கிடைத்தது. எந்த வாய்க்கால் என்பதையும் எல்லோருக்கும் எழுதியிருக்கிறீர்கள். போன வருட ஷீட்டில் இரண்டும் இல்லை. இந்தமுறை சந்தேகம் வந்ததும் உடனே சரிபார்க்க முடிந்தது அதனால்தான். அடுத்த கணக்கெடுப்பிலும் இதை விடாதீர்கள்.

வியாழன் மாலை 5 மணிக்குள் வந்தால் வெள்ளி காலை ஆர்டர் போட்டுவிடலாம். நான் எழுதியதில் ஏதாவது தவறாக இருந்தாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா

பதில்

மதியம் அவரே போன் செய்தார். "அக்கா, வேலின்னா என்ன? ஒருத்தர் அரை வேலின்னு சொன்னாரு, நான் வேலி போட்ட நிலம்னு நெனச்சிட்டேன்" என்றார். அந்த வரி வேறு ஊரில் இருந்தது. நான் பார்த்திருக்கவே இல்லை. நல்லவேளை, அவர் மறுபடி கேட்டு ஏக்கரில்தான் எழுதியிருந்தார்.

வியாழன் மாலை ஷீட் திரும்பி வந்தது. 11 பேரில் இரண்டு பேர் உண்மையாகவே ஏக்கரில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 3; இருவரும் பட்டாவைப் பார்த்துச் சொன்னவர்கள். அதனால் 284 அல்ல, 290 ஏக்கர். பின்குறிப்பாக எழுதியிருந்தார்: "நீங்க 11 பேரைக் கேக்கலைன்னு எழுதியிருந்தீங்க, அதான் எல்லாரையும் ஒருமுறை கேட்டேன். இல்லாட்டி மூணால வகுத்துப் போட்டிருப்பேன்."

நடவு, தெளிப்பு பிரித்தபின் மூட்டைக் கணக்கு இன்னும் இறங்கியது. ஃபாரத்தில் இப்போது நிலப்பரப்புக்குப் பக்கத்தில் ஏக்கர், மா, வேலி என்று மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. 'குழி'க்கும் ஒன்று வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறார்.